பிளாஸ்கின் இரு சுவர்கள்

1892இல் ஜேம்ஸ் டிவார் உருவாக்கிய இரட்டைச்சுவர்க் குடுவைதான் நம் வீட்டு பிளாஸ்கின் மூதாதை. சுவர்களுக்கு நடுவே வெற்றிடம். அதைத் தாண்ட வெப்பத்துக்குக் கதிர்வீச்சே வழி.

உள்சுவர் ஆரம் 4 செ.மீ., வெளிச்சுவர் 4.5, நீளம் 20. உள்ளே 95 டிகிரி காபி, வெளியே 30. உமிழ்திறன் 0.9 கொண்ட வெறும் கண்ணாடியில் சுமார் 23 வாட் போகும். இரு சுவரிலும் 0.02 உமிழ்திறனுள்ள வெள்ளி பூசினால் 0.3தான்.

ஒரு சுவருக்கு மட்டும் பூசினால்? பாடநூல் சூத்திரம் உள்சுவருக்கு 0.56, வெளிச்சுவருக்கு 0.63 வாட் என்கிறது. வெளிச்சுவர் கதிரைச் சிதறடிக்கும். சிதறியதில் கொஞ்சம் உள்சுவரைத் தவறவிட்டு வெளிச்சுவரிலேயே விழும் என்பது அதன் கணக்கு.

ஆனால் பளபளக்கும் வெள்ளி சிதறடிப்பதில்லை. மையம் ஒன்றானதால், உள்சுவரிலிருந்து கிளம்பிய கதிர் முகக்கண்ணாடியில் பட்டதுபோலத் திரும்பி உள்சுவரையே அடையும். அப்போது எந்தச் சுவரில் பூசினாலும் அதே 0.56 வாட்.