பச்சைப் புள்ளிக்கு முன்பே

பிரெட் பாக்கெட்டைப் பிரிக்கிறீர்கள். ஒரு துண்டின் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பச்சையாகப் பூசணம். அதை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாமா? கூடாது. கண்ணுக்குத் தெரிகிற அந்தப் பச்சை, பூஞ்சையின் கடைசிக் கட்டம்தான்.

அடுப்பிலிருந்து வரும்போது பிரெட்டில் உயிருள்ள பூஞ்சை கிடையாது. உட்பகுதியே ஏறக்குறைய 95 டிகிரி வரை சூடாவதால் எல்லாம் அழிந்துவிடும். வித்துகள் வந்து சேர்வது அதன் பிறகு: ஆற வைக்கும்போது காற்றிலிருந்து, துண்டு போடும்போது கத்தியிலிருந்து. சூடு தணியாமல் உறையில் போட்டால் உள்ளே நீர் வியர்த்து, வித்துகள் முளைக்கத் தோதான ஈரமும் கிடைத்துவிடுகிறது.

முளைத்த வித்து முதலில் நிறமற்ற மெல்லிய இழையை நீட்டுகிறது. அதன் தடிமன் சில மைக்ரோமீட்டர்தான். தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன். இழையின் நுனி நொதிகளைச் சுரந்து மாவுச்சத்தைக் கரைத்து உறிஞ்சுகிறது, நீள்கிறது, கிளை விடுகிறது. பிரெட் முழுக்கக் காற்றறைகள் என்பதால் தடுக்க எதுவுமில்லை. வெள்ளை பிரெட்டுக்குள் நிறமற்ற இழை எந்தக் கண்ணுக்கும் தப்பிவிடும். நன்றாக வேரோடிய பிறகே பூஞ்சை புதிய வித்துகளை உண்டாக்கும். பெனிசிலியம் என்றால் பச்சை அல்லது நீலம், ரைசோபஸ் என்றால் கறுப்பு என்று நாம் பார்ப்பது அந்த வித்துகளின் நிறம். அந்த நிலையில் உறையை அசைத்தாலே அவை பக்கத்துத் துண்டுகளின் மேல் உதிரும்.

கெட்டியான பாலாடைக்கட்டியில் பூசணம் வந்தால், சுற்றிலும் அடியிலும் குறைந்தது 2.5 செ.மீ. வெட்டி எறிந்துவிட்டு மீதியை உண்ணலாம் என்கிறது அமெரிக்க வேளாண்மைத் துறை. இழைகள் அதற்குள் எளிதில் இறங்க முடியாததால் அந்தச் சலுகை. பிரெட் துண்டின் தடிமனே ஏறக்குறைய ஒரு செ.மீ. அடியில் வெட்டுவதற்கு இடமே இல்லை. பிரெட்டை அப்படியே எறிந்துவிடும்படிதான் அதே துறை சொல்கிறது.

டோஸ்ட் செய்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. சூட்டில் பூஞ்சை சாகும்; அது சுரந்த நச்சு இருந்தால் போகாது. எல்லாப் பூஞ்சையும் நச்சு சுரப்பதில்லை, ஆனால் எது சுரக்கும் என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைகள் சிலவற்றின் அஃப்ளாடாக்ஸின் நெடுநாள் உடலில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். தெரியாமல் ஒரு வாய் தின்றுவிட்ட ஆரோக்கியமானவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, பதற வேண்டாம்.

பூசணம் கண்ட பாக்கெட்டை முகர்ந்து பார்க்காதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்த வித்துகளே மூச்சிரைப்பைக் கொண்டுவரும். உறையோடு கட்டி எறிந்துவிட்டு, பிரெட் வைத்திருந்த டப்பாவைக் கழுவி நன்றாக உலர்த்துங்கள். அடுத்த பாக்கெட்டை ஓரிரு நாளில் முடிக்க முடியாது என்று தெரிந்தால் ஃப்ரீசரில் வையுங்கள். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் பூஞ்சை மெதுவாக வளரும், பிரெட்டோ சீக்கிரம் வறண்டு விறைத்துப்போகும். ஃப்ரீசரில் பூஞ்சையின் வளர்ச்சி நின்றுவிடும். வேண்டிய துண்டை எடுத்து நேராக டோஸ்டரில் போடலாம்.