'நிறம்' என்ற வரியில் என்ன எழுதுவது?

காணாமல் போனவரைத் தேடி பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டும் நோட்டீஸைப் படித்துப் பாருங்கள். பெயர், வயது, உயரம், கடைசியாக உடுத்தியிருந்த உடை, அங்க அடையாளம் என்று வரிகள் போகும். நடுவில் 'நிறம்' என்று ஒரு வரி இருக்கும். அதற்கு நேரே பெரும்பாலும் 'மாநிறம்' என்றுதான் எழுதியிருக்கும். ஸ்டேஷனில் ஏட்டு கேட்கும்போது வீட்டார் வாயில் வருவது அந்தச் சொல்தான். “மாநிறம்னே போடுங்கய்யா” என்பார்கள். பெற்ற பிள்ளையை, வளர்த்த தகப்பனைக் கருப்பு என்று அந்நியர் முன்னால் சொல்ல நாக்கு கூசுகிறது.

அந்தக் கூச்சம் பாசத்தில் வருவது. ஆனால் நோட்டீஸின் வேலையை அது கெடுத்துவிடுகிறது. குளத்தூரிலிருந்து கிளம்பிய பெரியவர் ஒருவர் விளாத்திகுளம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் மனதில் 'மாநிறம்' என்று பதிந்திருந்தால், எதிரே இருக்கும் கருத்த மனிதரை அவர் இரண்டாம் முறை பார்க்கமாட்டார். எல்லோருக்கும் ஒரே சொல்லைப் போட்டால் அந்தச் சொல் யாரையும் காட்டிக்கொடுக்காது.

இன்னொரு சங்கடமும் உண்டு. நம் ஊரில் ஒருவருக்கு ஒரே நிறம் கிடையாது. உப்பளத்தில் வேலை செய்கிறவருக்கு மேலிருந்து ஒரு வெயில், வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பி முகத்தில் அடிக்கிற இன்னொரு வெயில். கரிசக்காட்டில் மிளகாய் பறிக்கிறவருக்குக் கழுத்தும் புறங்கையும் ஒரு நிறம், சட்டை மறைத்த தோள் வேறு நிறம். அதே ஆள் வெளியூர்க் கடை ஒன்றில் சில மாதம் நிழலில் இருந்துவிட்டு வந்தால் பக்கத்து வீட்டுக்காரரே “வெளுத்திட்டியேப்பா” என்பார். தோலுக்கு நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை மனிதர் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அவை எவ்வளவு நிறமி செய்கின்றன, எந்த வகை செய்கின்றன என்பதில்தான் வேறுபாடு. வெயில் பட்டால் அந்த அளவு கூடும். ஆக, ஆளைக் கண்டுபிடிக்க நிறம் ஒரு பலவீனமான அடையாளம். அதை முதலில் எழுதி அதையே நம்பியிருக்கக் கூடாது.

அந்தப் பெரியவருக்கு நானானால் இப்படி எழுதுவேன்: “வயது 70. ஒல்லியான உடல், உயரம் 5 அடி 4 அங்குலம். இடது புருவத்துக்கு மேல் பழைய வெட்டுத் தழும்பு. வலது காலைச் சற்று இழுத்து நடப்பார். காது மந்தம். கருப்பு நிறம், முகமும் கைகளும் உடம்பைவிடக் கருத்திருக்கும். வெள்ளை வேட்டி, நீலக் கட்டம் போட்ட துண்டு.” இதில் 'கருப்பு' தன் இடத்தில் மரியாதையாக நிற்கிறது. 'கன்னங்கரேல்' என்று அழுத்தவும் இல்லை, 'கொஞ்சம் மாநிறம்' என்று மழுப்பவும் இல்லை, 'கருப்பாக இருந்தாலும் களையான முகம்' என்று சமாதானமும் சொல்லவில்லை.

சொல்லக் கூசுகிற அந்தச் சொல், இந்த மண்ணில் கும்பிடுகிற சொல்லும்தான். கருப்பசாமிக்குப் பொங்கல் வைக்கிறோம். பேரனுக்கு அந்தப் பெயரையே வைக்கிறோம். கருத்த மண்ணைக் கரிசல் என்று பெருமையாகச் சொல்கிறோம். ஆச்சி “ஏ கருப்பி, இங்க வாட்டீ” என்று கூப்பிடுகையில் பேத்தி சிரித்துக்கொண்டே ஓடுகிறாள். அதே பெண்ணை வகுப்பில் வாத்தியார் “ஏ கருப்பு, எந்திரி” என்றால் அவள் அதன்பிறகு கை தூக்கிப் பதில் சொல்லமாட்டாள். சொல் மாறவில்லை. உரிமையில்லாத ஒருவர் பலர் முன்னால் பெயருக்குப் பதிலாக நிறத்தைச் சொன்னார், அவ்வளவுதான் நடந்தது.

என் எண்ணம் இதுதான்: இழிவு 'கருப்பு' என்ற சொல்லில் இல்லை. அதைச் சுற்றி வருகிற 'இருந்தாலும்', 'ஆனாலும்', 'அவளைவிட' என்பவற்றில் இருக்கிறது. கேரளத்தின் தலைமைச் செயலாளராக இருந்த சாரதா முரளீதரன் 2025 மார்ச்சில் முகநூலில் எழுதியது இதைத் தெளிவாகக் காட்டியது. அவருக்கு முன்பு அதே பதவியில் இருந்தவர் அவருடைய கணவர் வேணு. கணவரின் நிர்வாகம் எவ்வளவு வெள்ளையோ அவருடையது அவ்வளவு கருப்பு என்று ஒருவர் சொன்னதாக அவர் எழுதினார். மாநிலத்தின் தலைமை அதிகாரி செய்த வேலைக்கே தோலின் நிறத்தை மதிப்பெண்ணாகப் போட்டார்கள். பதிவை முதலில் நீக்கிவிட்டு, பேசியே ஆகவேண்டிய விஷயம் என்று திரும்பவும் போட்டார். தன் நிறம் கருப்பு என்பதை அவர் மறைக்கவில்லை. கருப்பு என்றால் குறை என்ற கணக்கைத்தான் மறுத்தார்.

படிவம் தயாரிக்கிறவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, இந்த வரி எதற்கு என்பது. நம் பள்ளிச் சான்றிதழில் அங்க மச்ச அடையாளங்களைத்தான் கேட்கிறார்கள். வலது முழங்கையில் ஒரு மச்சம், தாடையில் ஒரு தழும்பு என்று எழுதினால் வேலை முடிந்தது. விடுதிச் சேர்க்கைக்கோ வேலை விண்ணப்பத்துக்கோ நிறம் என்ற கட்டம் இருந்தால் அதை எடுத்துவிடலாம், ஒன்றும் குறையாது. தோல் மருத்துவருக்குத் தேவை உண்டு. அவருக்கும் வேண்டியது வேறு தகவல். அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975-ல் வகுத்த முறையில், வெயிலில் நின்றால் தோல் எரிந்து சிவக்கிறதா, கருக்கிறதா என்பதே கேள்வி. அதை வெள்ளைத் தோலுக்காகத்தான் வகுத்தார். பழுப்புக்கும் கருப்புக்குமான வகைகள் பிறகுதான் சேர்ந்தன. கேட்க வேண்டியதை நேராகக் கேட்டால் நிறத்தின் பெயரே தேவைப்படுவதில்லை.

கல்யாண பயோடேட்டாதான் இதில் பெரிய சிக்கல். ஜாதகக் கட்டத்துக்குக் கீழே 'நிறம்: சிவப்பு' என்று போட்டு வாட்ஸப்பில் சுற்றுகிறது. தமிழரில் யாரும் சிவப்பாக இருப்பதில்லை. வெளுத்த நிறத்துக்கு நாம் வைத்த பெயர் அது. கருத்த பெண்ணின் வீட்டார் தரகர் சொன்னபடி 'மாநிறம்' என்று போடுவார்கள். போட்டோவை ஸ்டுடியோவில் வெளுக்க வைப்பார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, “போட்டோவில வேற மாதிரி இருந்துச்சே” என்று எழுந்து போவார்கள். அந்த வாக்கியத்தைத் திண்ணையில் உட்கார்ந்து தாங்குவது அந்தப் பெண்தான். 2020 ஜூனில் ஷாதி டாட் காம் தளம், தோல் நிறத்தை வைத்து வரன் தேடும் வசதியை நீக்கியது. அமெரிக்காவில் வாழும் இந்தியப் பெண் ஒருவர் தொடங்கிய மனுதான் காரணம். ஆனால் வீட்டார் தாங்களே எழுதும் வரிகளை எந்தத் தளமும் நீக்கித் தராது. நிறம் என்ற வரியை அடித்துவிட்டு, பகல் நேரத்தில் வாசல் நிழலில் எடுத்த, எதுவும் தொடாத ஒரு போட்டோவை வைத்தால் போதும். வரப்போகிறவர் முகத்தைப் பார்த்துவிட்டே வருவார்.

கதை எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு. வெளுத்தவருக்கு எலுமிச்சம்பழம், சந்தனம், கோதுமை. கருத்தவருக்குத் தார், அண்டங்காக்கா, சட்டியின் அடி. வாயில் போடுவதும் நெற்றியில் பூசுவதும் ஒரு பக்கம், கழுவித் துடைப்பது மறுபக்கம் என்று உவமைகளே பந்தி பிரித்துவிடுகின்றன. வேறொரு பழக்கமும் உண்டு: கதையில் வில்லன், வேலைக்காரி, திருடன் வரும்போது மட்டும் நிறம் சொல்லப்படும், மற்றவர்களுக்கு நிறமே இருக்காது. செய்தியில் 'கருப்பு நிற வாலிபர்' என்று காரணமில்லாமல் எழுதுவதும் இந்தக் கணக்குதான். தோலைப் பார்த்துச் சாதியை ஊகிக்கிற ஊரில் அப்படி எழுதினால் சந்தேகம் ஒரு தெருவையே சுற்றிக்கொள்ளும். கதையில் நிறம் வேண்டுமென்றால் எல்லோருக்கும் சொல்லலாம், அல்லது தோலுக்கு என்ன நடந்தது என்று எழுதலாம். “தீப்பெட்டி ஆபீசிலிருந்து வந்தவள் முகம் கழுவினாள். கருத்த புறங்கையில் வளையல் கிடந்த இடம் மட்டும் வெளிறி, வளையமாகத் தெரிந்தது.” இதில் கருப்பு இருக்கிறது, அவள் வெயிலில் நடந்த தூரமும் தெரிகிறது, தீர்ப்பு மட்டும் இல்லை.

பொருள் விற்கிறவர்களின் பிழை வேறு மாதிரி. கோவில்பட்டி ஜவுளிக்கடையில் “ஸ்கின் கலர் லெக்கின்ஸ் இருக்கா அண்ணாச்சி?” என்றால் எடுத்துப் போடுவது வெளிர் பீச் நிறம். வாங்க வந்த பெண்ணின் கைக்குப் பக்கத்தில் அதை வைத்தால் இரண்டுக்கும் ஒட்டே இருக்காது. பள்ளிப் பிள்ளைகளின் கிரேயான் டப்பாவிலும் அந்தக் குச்சிதான் 'ஸ்கின் கலர்'. அதை வைத்துத்தான் கருத்த பிள்ளைகளும் அம்மா படத்துக்கு வண்ணம் தீட்டுகிறார்கள். அமெரிக்காவின் கிரேயோலா நிறுவனம் 'சதை நிறம்' என்று பொருள்படும் பெயரை 1962-லேயே பீச் என்று மாற்றிவிட்டது. 1999-ல் 'இந்தியன் ரெட்' என்ற பெயரையும் செஸ்ட்நட் என்று மாற்றியது. இந்தியப் பகுதியில் கிடைத்த ஒரு நிறமியின் பெயர்தான் அது. ஆனாலும் அமெரிக்கப் பூர்வகுடிகளின் தோல் நிறத்தைக் குறிப்பதாகப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள் என்று ஆசிரியர்கள் சொன்னதால் எடுத்துவிட்டார்கள்.

அழகுக் கிரீம்களில் நம் விளம்பரத் தமிழ் 'சிவப்பழகு' என்ற சொல்லையே செய்து கொடுத்தது. 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. கருத்த தோலுள்ளவரைத் தாழ்ந்தவராகவோ சோகமானவராகவோ விளம்பரத்தில் காட்டக் கூடாது என்று விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2014-லேயே விதி வகுத்திருந்தது. பெயர் மாறினாலும் டியூபின் மேல் படம் இருளிலிருந்து வெளிச்சத்துக்குப் போகிற வரிசையாகவே இருந்தால், சொல் போன இடத்தில் படம் அதே வேலையைச் செய்கிறது. 'பொலிவு' என்று எழுதுகிற விற்பனையாளர் இதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

இணையத்தில் துணி விற்கிற நம் ஊர்க் கடைக்காரர் செய்யவேண்டியது எளிது. துணியின் நிறத்துக்குத் துணியின் பெயரையே வைக்கவேண்டும்: சந்தனம், பிஸ்கட், காபித்தூள், பீச். 'ஸ்கின்' என்பதை எடுத்துவிட வேண்டும். பகல் வெளிச்சத்தில், வெளுத்த கை ஒன்றிலும் கருத்த கை ஒன்றிலும் துணியை வைத்து இரண்டு போட்டோ போடவேண்டும். முக பவுடர், ஃபவுண்டேஷன் விற்றால் ஷேடுகளுக்கு எண் கொடுத்து, கருத்த தோலுக்கான ஷேடிலிருந்து வரிசையைத் தொடங்கலாம். அந்த ஷேடுகளைக் கடைசியில் 'டீப்', 'டார்க்' என்று ஒன்றிரண்டாக ஒதுக்கிவிட்டு, வெளிர் பக்கம் ஏழெட்டு வைத்தால், விளாத்திகுளத்துப் பெண்ணுக்குத் தேவையான ஷேடு எப்போதும் 'ஸ்டாக் இல்லை' என்றுதான் இருக்கும்.