கையில் வாங்கும் தொகையும் வீட்டுக்குப் போகும் தொகையும்

அறுபது வயதில் ஓய்வு பெறும் மத்திய அரசு ஊழியரின் ஓய்வூதியத்தை 2021-ஆம் ஆண்டின் விதிகள் தீர்மானிக்கின்றன. ரயில்வேக்கும் ராணுவத்துக்கும் விதிகள் வேறு. 31.12.2003-க்குள் பணியில் சேர்ந்து, பத்து ஆண்டுகளாவது தகுதிக்காலம் முடித்திருந்தால் பழைய ஓய்வூதியம் உண்டு. கடைசிச் சம்பளத்தில் பாதி, அல்லது கடைசிப் பத்து மாதச் சராசரிச் சம்பளத்தில் பாதி, இரண்டில் எது கூடுதலோ அதுவே ஓய்வூதியம்.

பெரும்பாலோர் தடுமாறுவது மொத்தத் தொகையில்தான். ஏழாம் நிலையில் அடிப்படைச் சம்பளம் 60,400 ரூபாயோடு ஓய்வு பெறும் ஓர் அஞ்சல் துறை ஊழியரை எடுத்துக்கொள்வோம். அவருடைய ஓய்வூதியம் மாதம் 30,200. இதில் அதிகபட்சம் 40 சதவீதத்தை, அதாவது 12,080 ரூபாயை, முன்கூட்டியே ஒரே தொகையாக மாற்றிக்கொள்ளலாம். இதைத்தான் கம்யூட்டேஷன் என்கிறார்கள். அடுத்த பிறந்தநாளில் 61 வயதாகும் அவருக்குக் காரணி 8.194. 12,080-ஐப் பன்னிரண்டாலும் 8.194-ஆலும் பெருக்கினால் ஏறக்குறைய 11 லட்சத்து 88 ஆயிரம் வரும். இதற்கு வருமான வரி கிடையாது.

பதிலுக்கு மாத ஓய்வூதியம் 18,120 ஆகக் குறையும். 15 ஆண்டுகள் கழிந்த பிறகே முழுத் தொகை திரும்பும். அதற்குள் விட்டுக்கொடுத்தது 21 லட்சத்து 74 ஆயிரம் ரூபாய்! கடனை அடைக்கவோ வீடு கட்டவோ பணம் தேவைப்படுபவருக்கு இது கைகொடுக்கும். வங்கியில் போட்டு வைப்பதற்காக மட்டும் எடுப்பவர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. அகவிலை நிவாரணம் மட்டும் குறையாது. அது முழு 30,200-க்கே கணக்கிடப்படும். ஓய்வு பெற்று ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனை வேண்டாம். அதற்குப் பிறகு என்றால் வேண்டும்.

பணிக்கொடை இதிலிருந்து தனி. அதற்காக ஓய்வூதியத்தில் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அதன் உச்சவரம்பு இப்போது 25 லட்சம்.

"நான் கம்யூட் செய்தால் என் மனைவிக்குக் குறையுமா?" என்று பலரும் கேட்கிறார்கள். குறையாது. குடும்ப ஓய்வூதியம் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. நம் ஊழியர் 63 வயதில் இறந்துவிட்டால், அவருக்கு 67 வயது நிறைந்திருக்கக்கூடிய நாள் வரை மனைவிக்கு மாதம் 30,200 கிடைக்கும். கணவர் கடைசியாக வாங்கிய 18,120-ஐவிட இது அதிகம். பிறகு சம்பளத்தில் 30 சதவீதமான 18,120-க்கு இறங்கும். இரண்டு கட்டத்திலும் அகவிலை நிவாரணம் உண்டு.

மனைவிக்குப் பிறகு 25 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும், சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளி பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் அது செல்லலாம். வருமானமில்லாத, மணமாகாத அல்லது கணவரை இழந்த மகளுக்கு 25 வயதைக் கடந்த பிறகும் வாய்ப்பு உண்டு. ஆகவே படிவம் 4-ல் குடும்ப விவரம் எழுதும்போது, வேலைக்குப் போகும் மகன், மணமாகிச் சென்ற மகள் உட்பட எல்லோர் பெயரையும் சேர்க்க வேண்டும். இன்று தகுதியில்லாத மகள் நாளை தகுதி பெறக்கூடும். அப்போது பெயர் பதிவில் இல்லாவிட்டால் உறவை நிரூபிக்க அவர் அலைய வேண்டியிருக்கும்.

முன்பு தனித்தனியாக நிரப்பிய ஒன்பது படிவங்கள் 2024 இறுதியில் படிவம் 6-ஏ என ஒன்றாயின. 'பவிஷ்யா' தளத்தில் இதை நிரப்பலாம். கம்யூட்டேஷன் விருப்பத்தையும் அதிலேயே தெரிவிக்கலாம். அதற்கு முன் பணிப்பதிவேடு, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பார்த்து, வித்தியாசம் இருந்தால் பணியில் இருக்கும்போதே திருத்திக்கொள்ள வேண்டும்.