மச்சான் ஆங்கிலத்தில் யார்?

தாய்மாமன் மகனை ஆங்கிலத்தில் ‘கசின்’ என்று மட்டும் எழுதினால், அவன் சித்தப்பா மகனோடு கலந்துவிடுகிறான். தமிழில் சித்தப்பா மகன் அண்ணன் அல்லது தம்பி. மாமன் மகனோ மச்சான். பல சமூகங்களில் மணம் முடிக்கும் முறை உள்ளவன். மொழிபெயர்ப்பில் முதலில் தொலைவது இந்த முறைதான். மானிடவியலாரின் ‘கிராஸ் கசின்’ அதைக் காக்கும்; ஆனால் அத்தை மகனும் அதில் அடங்குவான். ‘மதர்ஸ் பிரதர்ஸ் சன்’ என்று உறவின் வழியையே எழுதினால்தான் ஐயம் தீரும்.

‘மச்சான்’ என்ற சொல்லைக் கண்டதும் அப்படி எழுதிவிடவும் கூடாது. அக்காள் கணவரும், மனைவியின் சகோதரனும் மச்சானே. ‘அக்காவும் மச்சானும் குழந்தையோடு வந்தார்கள்’ என்ற வரியில் அவர் அக்காள் கணவர். அங்கே ‘சிஸ்டர்ஸ் ஹஸ்பெண்ட்’ என்பதே சரி. ‘பிரதர் இன் லா’ என்றால் மனைவியின் சகோதரனும் உள்ளே வந்துவிடுவான்.