ஒரு பைசா எங்கே உதைக்கிறது?

53 ரூபாய் 50 பைசாவுக்கு ஒரு பொருள். அதற்கு 5 சதவீத வரி எவ்வளவு? கையால் போட்டால் 2.675 ரூபாய் வரும். பாதியும் அதற்கு மேலும் வந்தால் மேலே ஏற்று என்ற வழக்கப்படி பைசாவுக்கு முழுமையாக்கினால் 2 ரூபாய் 68 பைசா. இதையே பைத்தான் மொழியில் இரண்டு விதமாக எழுதிப் பார்க்கலாம்.

```python
>>> round(53.50 * 0.05, 2)
2.68
>>> round(53.50 * 5 / 100, 2)
2.67
```

0.05-ஆல் பெருக்கினாலும், 5-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தாலும் நமக்கு ஒன்றுதான். கணினிக்கு அப்படியில்லை. பில் போடும் நிரலை ஒருவர் முதல் விதத்திலும், மாதக் கடைசியில் வரி அறிக்கை எடுக்கும் நிரலை இன்னொருவர் இரண்டாவது விதத்திலும் எழுதியிருந்தால், இந்தப் பில்லில் ஒரு பைசா உதைக்கும். இருவர் எழுதியதிலும் சூத்திரம் சரிதான். அதனால்தான் கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் இந்தப் பிழையைத் தேடித் தேடிச் சலித்துப் போகிறார்கள்.

கோளாறு எண்ணைச் சேமிக்கும் முறையில் இருக்கிறது. புள்ளி வைத்த எண்களைப் பெரும்பாலான மொழிகள் ‘ஃப்ளோட்டிங் பாயிண்ட்’ என்ற முறையில் வைக்கின்றன. அதில் பின்னங்கள் எல்லாம் பாதி பாதியாக வெட்டியவை: அரை, கால், அரைக்கால், வீசம், அதிலும் பாதி என்று போய்க்கொண்டே இருக்கும். பத்தில் ஒரு பங்கை, அதாவது 10 பைசாவை, இந்த அளவுகளை மட்டும் வைத்து அளக்கப் பாருங்கள். அரைக்கால் 0.125, அது அதிகம். வீசம் 0.0625, குறைவு. அதோடு அரை வீசம் சேர்த்தால் 0.09375. இன்னும் நுணுக்கமான துண்டுகளைச் சேர்த்தால் 0.0976, பிறகு 0.0996 என்று நெருங்கலாமே தவிர, 0.1-ஐத் தொடவே முடியாது. கணினி 53 இலக்கம் வரை போய், மிக அருகில் உள்ளதை எடுத்துக்கொண்டு நிறுத்திவிடும். நம் 2.675 இப்படித்தான் 2.67499999999999982… ஆகச் சேமிக்கப்படுகிறது. பாதிக்கு மயிரிழை கீழே இருப்பதால் 2.67-க்கு இறங்குகிறது. 0.05 வழியில் போனால், அங்கே விழும் பிழை மேல்நோக்கித் தள்ளி 2.68 ஆக்குகிறது. நம் விடை முதலில் சரியாக வந்ததும் தற்செயல்தான்.

இந்தச் சிறு பிழை பாதிக் கோட்டின் மேல் விழும்போதும், புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டி எறியும்போதும் முழுப் பைசாவாகிறது. 19.99 ரூபாயைப் பைசாவாக்க 100-ஆல் பெருக்கினால் 1998.9999999999998 வரும். `int()` போட்டுப் புள்ளியை நீக்கினால் 1998 பைசா. இது ஒவ்வொரு முறையும் தவறாமல் நடக்கும்.

தீர்வு எளிது: பணத்தை முழு எண்ணாக, பைசாவிலேயே வைத்துக்கொள்வது. ரேசர்பே, ஸ்ட்ரைப் போன்ற பணப் பரிமாற்றச் சேவைகள் இப்படித்தான் கேட்கின்றன. 500 ரூபாய் வாங்க 50000 என்று அனுப்ப வேண்டும். நம் பில்லில் 5350 பைசாவை 5-ஆல் பெருக்கினால் 26750. அதோடு 50 சேர்த்து 100-ஆல் வகுத்து, மீதியை விட்டுவிட்டால் 268. எத்தனை முறை போட்டாலும், யார் எழுதினாலும் 268தான். வெளிநாட்டுப் பணம் வந்தால் மட்டும் கவனம் வேண்டும். குவைத் தினாருக்கு 1000 ஃபில்ஸ். ஜப்பானிய யென்னுக்கோ சில்லறைப் பிரிவே புழக்கத்தில் இல்லை. எல்லாவற்றையும் 100-ஆல் பெருக்கும் நிரல் அங்கே பெரிய தப்பு செய்யும்.

இன்னொரு வழி, பத்தின் கணக்கிலேயே எண்ணை வைக்கும் ‘டெசிமல்’ வகை. பைத்தானில் `Decimal`, ஜாவாவில் `BigDecimal`, டேட்டாபேஸில் `DECIMAL` பத்தி. இதில் பலர் வழுக்குவது ஓரிடத்தில்: `Decimal(0.1)` என்று எழுதினால், ஏற்கெனவே கெட்டுப்போன எண்ணைத்தான் உள்ளே வைக்கிறீர்கள். மேற்கோள் குறிக்குள் `Decimal("0.1")` என்று கொடுக்க வேண்டும்.

இரண்டு வழிகளும் பின்னத்தைத் துல்லியமாக வைக்கும். வகுக்கும்போது மிஞ்சும் பைசாவை என்ன செய்வது என்று அவை தீர்மானிக்காது. 100 ரூபாயை மூவருக்குப் பிரித்தால் ஆளுக்கு 3333 பைசா போக ஒரு பைசா நிற்கும். அதை யாருக்குத் தருவது என்று நிரலில் எழுதியே ஆக வேண்டும். முழுமையாக்கும் விதியும் அப்படித்தான். ஜிஎஸ்டி சட்டத்தின் 170-வது பிரிவு, வரித் தொகையில் 50 பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாயாக்கு, குறைந்தால் விட்டுவிடு என்கிறது. பைத்தானின் `Decimal` தானாகச் செய்வதோ வேறு: சரி பாதி வந்தால் இரட்டைப்படை இலக்கத்துக்கு நகர்த்தும். நீங்கள் சொல்லாவிட்டால் அதன் விதிதான் ஓடும்.

கடைக்கோ சங்கத்துக்கோ மென்பொருள் வாங்குபவர்கள், விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: தொகை எந்த வகையில் சேமிக்கப்படுகிறது, எந்தக் கட்டத்தில் முழுமையாக்கப்படுகிறது? பிறகு 53.50-ஐயும் 19.99-ஐயும் போட்டுப் பில்லையும் அறிக்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.