மண் ஈக்வடாருக்கு, நாடு பெருவுக்கு... ஒரு சதுர கிலோமீட்டரில் முடிந்த எல்லைச் சண்டை!

தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக்குள், அடர்ந்த மலைக்காட்டுக்கு நடுவே ஒரு சதுர கிலோமீட்டர் நிலம் இருக்கிறது. நம்ம ஊர்க் கணக்கில் சுமார் 247 ஏக்கர். பெயர் டிவின்சா. இந்த நிலத்தின் சொந்தக்காரர் யார் தெரியுமா? பக்கத்து நாடான ஈக்வடார் அரசு!

ஆனால், பட்டா மட்டும்தான் ஈக்வடாருக்கு. அங்கே செல்லுபடியாவது பெருவின் சட்டம். ஈக்வடார் தன் ராணுவத்தையோ போலீஸையோ அங்கே நிறுத்த முடியாது, நிலத்தை வேறு யாருக்கும் விற்கவும் முடியாது. 1995-ல் இங்கே போரிட்டு இறந்த தன் வீரர்களுக்கு அந்த நாடு அஞ்சலி செலுத்திக்கொள்ளலாம். வேடிக்கையான ஏற்பாடாகத் தோன்றலாம். ஆனால், ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக நீண்ட ஒரு சண்டையை முடித்துவைத்தது இதுதான்.

ஆறு செய்த குளறுபடி

ஈக்வடார் தனி நாடான 1830-லிருந்தே இருவருக்கும் எல்லைத் தகராறுதான். அமேசான் நதியை எட்டும் வழி தனக்கு வேண்டும் என்பது ஈக்வடாரின் தீராத ஆசை. 1941-ல் போர் வெடித்தது. பெரு ஜெயித்தது. 1942 ஜனவரியில் ரியோ டி ஜெனிரோவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கு அர்ஜென்டினா, பிரேசில், சிலி, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகள் உத்தரவாதம் கொடுத்தன. கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதுபோல!

எல்லைக்கோட்டின் பெரும்பகுதி சிக்கல் இல்லாமல் குறிக்கப்பட்டது. காண்டோர் மலைத்தொடர் வந்ததும் வேலை நின்றுபோனது. ஸமோரா, சந்தியாகோ என்ற இரண்டு ஆறுகளுக்கும் நடுவே, மழைநீர் இரண்டு பக்கமாகப் பிரியும் மலைமேடுதான் எல்லை என்று ஒப்பந்தம் சொன்னது. அப்படி ஒரே ஒரு மேடு இருப்பதாக நினைத்துத்தான் எழுதினார்கள். பிறகு அமெரிக்க விமானங்கள் மேலிருந்து படம் எடுத்துப் பார்த்தபோது, அந்த இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் செனேபா என்ற மூன்றாவது ஆறு நீளமாக ஓடுவது தெரிந்தது. மூன்று ஆறுகள் என்றால் நீரைப் பிரிக்கும் மேடுகள் இரண்டு. இதில் எது எல்லை?

'ஒப்பந்தத்தையே நிறைவேற்ற முடியாது' என்றது ஈக்வடார். 'கோடு போட்டால் போதும், பிரச்னை முடிந்தது' என்றது பெரு. இப்படி அளக்காமல் விட்டது சுமார் 78 கிலோமீட்டர். இதற்காக 1981-ல் ஒருமுறை மோதினார்கள். 1995 ஜனவரியில் செனேபா ஆற்றின் மேல்பகுதியில் முழுப் போரே மூண்டது.

முதலில் துப்பாக்கிகளைப் பிரி!

ஜாமீன் போட்ட நான்கு நாடுகளும் உள்ளே வந்தன. 1995 பிப்ரவரி 17-ம் தேதி பிரேசிலில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனாலும் காட்டுக்குள் சண்டை ஓயவில்லை. அதே மாதக் கடைசியில் உருகுவேயின் மான்டிவிடியோவில் இன்னொரு முறை கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. காகிதத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பது பத்தே நாள்களில் தெரிந்துவிட்டது.

எல்லை யாருக்கு என்ற பேச்சையே இந்தக் கட்டத்தில் நடுவர்கள் எடுக்கவில்லை. நான்கு நாட்டு ராணுவ அதிகாரிகளும் அடங்கிய பார்வையாளர் குழு ஒன்று காட்டுக்குள் இறங்கியது. ஈக்வடார் வீரர்கள் கோவாங்கோஸ் முகாமுக்கும், பெரு வீரர்கள் பி.வி-1 என்ற காவல் முகாமுக்கும் பின்வாங்க வேண்டும். நடுவில் ராணுவமே இல்லாத பகுதி ஒன்று வேண்டும். 1995 ஆகஸ்டில் அந்தப் பகுதி நடைமுறைக்கு வந்தது.

இதில் இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டியவை. பார்வையாளர் குழுவுக்கான செலவைச் சண்டை போட்ட இரண்டு நாடுகளே ஏற்றன. சில காலம் கழித்து, ஈக்வடார், பெரு அதிகாரிகளையும் அதே குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். நேற்றுவரை சுட்டுக்கொண்டவர்கள் இன்று ஒன்றாகப் போய்ப் பார்த்து, ஒரே அறிக்கையில் எழுத வேண்டும். 'அவன் ஊடுருவிட்டான்' என்று தலைநகரத்தில் கிளம்பும் வதந்தியை அடக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

நடுவர்கள் எல்லோரும் சுத்தமான கை என்றும் சொல்ல முடியாது. ஜாமீன் நாடுகளில் ஒன்றான அர்ஜென்டினாவிலிருந்தே ஈக்வடாருக்கு ரகசியமாக ஆயுதங்கள் போன விஷயம் வெளியே வந்து பெரிய ஊழலாக வெடித்தது. பெரு இதை மறக்கவே இல்லை. நான்கு பேர் சேர்ந்த குழுவாக இருந்ததால்தான் ஒருவர் மானம் போனபோதும் வேலை நிற்கவில்லை.

கஷ்டமான கேள்வி கடைசியில்

1998-ல் பேச்சுவார்த்தையை நான்காகப் பிரித்து நான்கு தலைநகரங்களில் நடத்தினார்கள். வர்த்தகமும் நதிப் போக்குவரத்தும் பியூனஸ் அயர்ஸில்; எல்லையோர மக்களுக்கான வளர்ச்சித் திட்டம் வாஷிங்டனில்; ராணுவ நம்பிக்கை நடவடிக்கைகள் சந்தியாகோவில்; எல்லைக்கோடு மட்டும் பிரேசிலியாவில். ஒரு மேஜையில் முட்டிக்கொண்டாலும் மற்ற மூன்றும் நகர்ந்தன. அமேசானில் ஈக்வடார் கப்பல்கள் போகலாம் என்பது போன்ற லாபங்கள் ஒவ்வொன்றாகச் சேரச் சேர, எல்லையில் விட்டுக்கொடுப்பதற்கு ஒரு விலை கிடைத்தது.

ஆனாலும் அந்த ஆகஸ்டில் இன்னொரு போரே வந்திருக்கும். படைகள் மறுபடி நெருங்கி நின்றன. அந்த நேரத்தில்தான் ஈக்வடாரின் புதிய அதிபராக ஜமில் மஹுவாட் பதவியேற்றார். பெரு அதிபர் ஆல்பர்ட்டோ ஃபுஜிமோரியை முதலில் சந்தித்தபோது அவர் கோரிக்கைப் பட்டியலை நீட்டவில்லை. 'நீங்கள் எட்டு வருடமாக அதிபர், நான் சில நாள்களாகத்தான்' என்கிற தோரணையில் ஆலோசனை கேட்டார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே தாளைப் பார்ப்பதுபோல ஒரு புகைப்படமும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படம் இரண்டு நாட்டு மக்களுக்காக!

எவ்வளவு நட்பானாலும், நிலத்தை விட்டுக்கொடுத்துவிட்டு ஊர் திரும்ப இருவராலும் முடியாது. அதனால் அக்டோபரில் பிரேசில் அதிபர் ஃபெர்னாண்டோ ஹென்ரிக் கார்டோசோவுக்கு எழுதி, ஜாமீன் நாடுகளிடமே தீர்வு கேட்டார்கள். நடுவர்கள் உடனே தலையாட்டிவிடவில்லை. 'நாங்கள் என்ன சொன்னாலும் ஏற்போம் என்று முதலில் உங்கள் இரண்டு நாடாளுமன்றங்களும் தீர்மானம் போடட்டும்' என்றார்கள். தீர்ப்பைப் பார்க்காமலேயே அக்டோபர் 16-ல் இரண்டு நாடாளுமன்றங்களும் ஒப்புக்கொண்டன. இந்த ஒரு நிபந்தனை இல்லாவிட்டால், தோற்ற பக்கம் மறுநாளே தீர்ப்பைக் கிழித்துப் போட்டிருக்கும்.

தீர்ப்பு இதுதான்: எல்லை, பெரு சொன்னபடி காண்டோர் மலைமுகட்டில். ஈக்வடார் வீரர்கள் உயிரைக் கொடுத்த டிவின்சாவில் ஒரு சதுர கிலோமீட்டர், தனிச்சொத்தாக ஈக்வடாருக்கு. எல்லையின் இருபுறமும் இயற்கைப் பூங்காக்கள். அமேசான் நதியில் போக்குவரத்து உரிமை, பெரு மண்ணில் ஈக்வடாருக்கு இரண்டு வர்த்தக மையங்கள். 1998 அக்டோபர் 26-ல் பிரேசிலியாவில் கையெழுத்தானது.

எல்லோரும் கைதட்டவில்லை. அந்த வர்த்தக மையங்களை எதிர்த்துப் பெருவின் இகிடோஸ் நகரில் கலவரம் வெடித்து, அரசுக் கட்டடங்கள் எரிந்தன, உயிர்களும் போயின. 2000 ஜனவரியில் பொருளாதார நெருக்கடியில் மஹுவாட் பதவி இழந்தார். அதே வருட இறுதியில் ஊழல் புகாரில் ஃபுஜிமோரி ஜப்பானில் தஞ்சம் புகுந்தார். கையெழுத்துப் போட்ட இருவருமே போனார்கள். எல்லைக் கற்கள் மட்டும் நட்ட இடத்திலேயே நின்றன.

கற்கள் நடுவது 1999 மே மாதமே முடிந்துவிட்டது. ஆனால், போரின்போது இரண்டு பக்கமும் புதைத்த கண்ணிவெடிகளை எடுக்கும் வேலை அதன் பிறகு இருபது ஆண்டுகளைத் தாண்டியும் முடியவில்லை. மழைக்காட்டில் மண் சரிந்து வெடிகள் இடம் மாறிவிடுவதால், கெடுவை மறுபடி மறுபடி நீட்டிக்கச் சொல்லி இரண்டு நாடுகளும் கேட்டுக்கொண்டிருந்தன.