தோகைக்குத் துணை கடலைக்கொடி

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் ஆடிப்பட்டத்துக் கடலையை ஐப்பசி வாக்கில் பிடுங்குவார்கள். காயை ஆய்ந்து முடித்ததும் வீட்டுக்குப் பின்னால் கொடி குவிந்துவிடும். கரும்பு வெட்டு மும்முரமாவது மார்கழிக்குப் பிறகு. அப்போது பச்சைத் தோகை கட்டுக்கட்டாகக் கிடைக்கும், பெரும்பாலும் காசில்லாமலே. கடலையும் கரும்பும் விளையும் ஊர்களில் மாடு வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டும் வருகின்றன. ஆனால் ஒன்றாக வருவதில்லை. கொடி இருக்கும்போது கொடியையே அள்ளிப் போடுகிறார்கள். அது தீர்ந்த பிறகு தை, மாசி முழுக்கத் தோகை. மாடு வயிறு நிறையத் தின்கிறது, பால் மட்டும் இறங்குகிறது.

காரணம் இரண்டின் குணத்திலும் இருக்கிறது. நிலக்கடலை பயறு இனத்துச் செடி. வேர் முடிச்சுகளில் தழைச்சத்தைச் சேர்ப்பதால், காய் பறித்த பிறகும் கொடியில் புரதம் மிஞ்சியிருக்கும். இலை உதிராமல் காய்ந்த கொடியில், ஈரம் நீக்கிய எடையில் நூற்றுக்குப் பத்துப் பங்காவது புரதம் உண்டு. நெல் வைக்கோலில் இருப்பது மூன்று நான்கு பங்குதான். கரும்புத் தோகை புல் இனம். அதில் மாவும் சர்க்கரையும் நாரும் உண்டு, புரதம் ஐந்து பங்கு அளவுக்கே இருக்கும்.

அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் நாரைக் கரைப்பது கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். அவை பெருகத் தழைச்சத்து வேண்டும். மொத்தத் தீவனத்தில் புரதம் ஏழு பங்குக்குக் கீழே போனால் நுண்ணுயிர்கள் குறைகின்றன, நார் கரைய நேரமாகிறது, தின்றது வயிற்றிலேயே தங்குகிறது. வயிறு காலியாகாத மாடு அடுத்த வேளை குறைவாகத் தின்னும். தோகையை மட்டும் தின்ற மாட்டின் வயிறு பெருத்திருக்க, விலா எலும்பு எட்டிப் பார்ப்பது இதனால்தான். சாணியைக் கிளறினால் தெரிந்துவிடும்: கெட்டியாக, அடுக்கடுக்காக விழுந்திருக்கும், அரைபடாத நீள நாரும் அதில் கிடக்கும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 400 கிலோ எடையுள்ள கலப்பினப் பசு, நாளுக்கு 8 லிட்டர் பால் என்று வைத்துக்கொள்வோம். உடம்பைக் காப்பாற்ற மட்டும் அதற்கு ஏறக்குறைய 320 கிராம் புரதம் வேண்டும். ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் மேற்கொண்டு 90 கிராம். மொத்தம் 1,040 கிராம். வழக்கமாக நடப்பது என்ன? ஒரு பெரிய கட்டுத் தோகை, ஒரு கிலோ தவிடு. 30 கிலோ பச்சைத் தோகையில் ஈரம் போக நிற்பது 9 கிலோ. அதில் புரதம் 450 கிராம். தவிட்டில் 120. ஆக 570. உடம்புக்கு 320 போனால் மிச்சம் 250 கிராம், அதாவது மூன்று லிட்டர் பாலுக்குக்கூடக் காணாது. அதுவும் 30 கிலோவையும் கழிக்காமல் தின்றால்தான். கறவை ஏறியிருக்கும் பசு குறையைத் தன் சதையிலிருந்து கொடுத்துச் சில வாரம் சமாளிக்கும். பிறகு பால் குறையும், சினைப்பருவமும் தள்ளிப்போகும்.

அதே பசுவுக்குத் தோகையை 20 கிலோவாகக் குறைத்து, காய்ந்த கொடி 4 கிலோ, நூற்றுக்கு 20 பங்கு புரதமுள்ள அடர்தீவனம் 2 கிலோ சேர்த்தால் புரதம் முறையே 300, 360, 400 கிராம். கூட்டினால் 1,060. எரிசக்தியும் ஏறத்தாழச் சரியாக வருகிறது. கொடி இல்லாமலும் இந்த அளவை எட்டலாம், ஆனால் அடர்தீவனம் மூன்று கிலோ ஆகும், தோகையும் 30 கிலோ தின்றாக வேண்டும். தினமும் ஒரு கிலோ அடர்தீவனத்தை மிச்சம் பிடிப்பது அந்த நாலு கிலோ கொடிதான். ஐப்பசியில் கண்டபடி வாரிப் போட்டுத் தீர்த்துவிடுவதும் அதைத்தான்.

தையிலிருந்து நான்கு மாதம் தோகை காலம் என்றால் பசு ஒன்றுக்கு 480 கிலோ காய்ந்த கொடி கையிருப்பு வேண்டும். விளைச்சல் சுமாராக இருந்தாலும் ஏக்கருக்கு ஒரு டன் அளவில் கொடி கிடைக்கும். அரை ஏக்கர் கொடியைப் போர் போட்டு வைத்தால் ஒரு பசுவுக்குப் போதும்.

வைப்பதில்தான் சிக்கல். கொடியின் புரதம் பெரும்பகுதி இலையில் இருக்கிறது. நல்ல வெயிலில் மூன்று நான்கு நாள் பரப்பிவிட்டு உச்சிப் பொழுதில் அள்ளினால் இலையெல்லாம் நிலத்திலேயே நொறுங்கிவிடும். வீட்டுக்கு வருவது வெறும் தண்டு. காலையில் பனி ஈரம் இருக்கும்போது புரட்டுவதும் அள்ளுவதும் நல்லது. இலைப்புள்ளி நோயும் துரு நோயும் தாக்கிய வயலில் அறுவடைக்கு முன்பே இலை கொட்டியிருக்கும். அந்தக் கொடியை மேலே சொன்ன கணக்கில் வைக்க முடியாது. வைக்கோலைவிடச் சற்று மேல் என்று எண்ணிக்கொள்வதே சரி. ஆந்திரத்தின் அனந்தப்பூர் மாவட்டத்தில் பழைய டி.எம்.வி. 2 ரகத்துக்கு மாற்றாக இக்ரிசாட் நிறுவனத்தின் ஐ.சி.ஜி.வி. 91114 ரகத்தை உழவர்கள் ஏற்றதற்குக் காய் விளைச்சலோடு அதன் கொடியின் தரமும் ஒரு காரணம். ரகம் தேர்ந்தெடுக்கும்போது மாட்டையும் நினைத்துக்கொள்வது வறட்சி மாவட்டங்களில் புதிதல்ல.

ஐப்பசி என்றால் மழை. நனைந்த கொடி கறுத்து, பூசணம் பிடித்து, புழுக்கை வாடை அடிக்கும். கடலைப் பயிரில் வளரும் பூசணங்களில் சில அஃபலடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். முக்கியமாகப் பருப்பில்தான் அது சேரும். ஆனால் ஆயாமல் விட்ட சொத்தைக் காய்களும் பிஞ்சுகளும் கொடியோடு போருக்குள் போய்விடுகின்றன. மாடு தின்றால் நஞ்சின் ஒரு பகுதி பாலிலும் இறங்கும், காய்ச்சினாலும் போகாது. எனவே போரின் அடியில் கல் அல்லது கட்டை போட்டு உயர்த்தி, மேலே தார்ப்பாய் மூடுவது அவசியம். கறுத்த கொடியை நல்லதோடு கலந்து செலவழிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அது எருக்குழிக்குப் போகட்டும்.

மண்ணும் ஒரு தொல்லை. கடலையை வேரோடு பிடுங்குகிறோம், வேரில் மண் ஒட்டியே வருகிறது. உதறாமல் போட்டால் நாளடைவில் இரைப்பையில் மணல் தங்கி, மாடு தீனி எடுக்காமல் மந்தமாகும். ஒரு கைப்பிடிச் சாணியை வாளித் தண்ணீரில் கரைத்து, மேலே மிதப்பதை ஊற்றிவிட்டுப் பாருங்கள். அடியில் நறநறவென்று மணல் தங்கினால் கொடியைக் கட்டையில் அடித்து உதறும் வேலை பாக்கி இருக்கிறது என்று பொருள். பச்சைக் கொடியில் வேறு ஆபத்து. காய் ஆயும் களத்தில் பசியோடு புகுந்த ஆடு, மாடு ஈரக் கொடியை வயிறு முட்டத் தின்றால் உப்புசம் கண்டு இடது விலாப்பக்கம் மேளம்போல் எழும்பும். வாடிய கொடியைத்தான் கொடுக்க வேண்டும், அதற்கு முன் கொஞ்சம் வைக்கோல் தின்றிருப்பது நல்லது. மூச்சுத் திணறும் அளவு வீங்கினால் கைவைத்தியத்தில் நேரத்தைப் போக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

தோகையின் குறை வேறு வகை. அதில் ஆக்சலேட் என்ற பொருள் இருக்கிறது. அது சுண்ணாம்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. இரைப்பை நுண்ணுயிர்கள் பழகிவிட்டால் ஆக்சலேட்டில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். பழக இரண்டு வாரம் ஆகும். அதனால் முதல் நாளே முழுக் கட்டை அவிழ்த்துப் போடாமல் ஐந்து கிலோவில் தொடங்கி ஏற்ற வேண்டும். அப்படியும் மாதக்கணக்கில் தோகையே முக்கியத் தீனியானால் சுண்ணாம்பு இழப்பு தொடரும். தினமும் 50 கிராம் தாது உப்புக் கலவையும் 30 கிராம் சாப்பாட்டு உப்பும் கொடுப்பது இதற்காக. கடலைக்கொடியில் சுண்ணாம்புச்சத்து மிகுதி என்பது இங்கே கைகொடுக்கிறது. ஆனால் கொடி, தோகை இரண்டிலுமே மணிச்சத்து குறைவு. அதைத் தவிடும் தாதுக் கலவையும் ஈடுகட்டும்.

இதன் விளைவு பளிச்சென்று தெரிவது கன்று ஈனும் நேரத்தில். தோகையிலேயே காலம் தள்ளிய நல்ல கறவைப் பசு, ஈன்ற ஒன்றிரண்டு நாளில் எழ முடியாமல் படுத்து, கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டால், காது சில்லென்று இருந்தால் அது பால் காய்ச்சலாக இருக்கலாம். பெயர்தான் காய்ச்சல், உடம்பு சுடாது. இரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து சடாரென்று இறங்கிவிட்டது. மருத்துவர் நரம்பில் சுண்ணாம்பு மருந்து ஏற்றினால் பல பசுக்கள் சில மணி நேரத்தில் எழுந்துவிடும். படுத்திருக்கும் மாட்டின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும்.

தோகையை முழுசாகப் போடுவது வீண். இலையின் ஓரம் அறுக்கும், தடித்த அடித்தண்டை மாடு ஒதுக்கும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டாக நறுக்கிக் கொடியோடு கலந்து வைத்தால் ஒதுக்க வழியில்லை. வெட்டிய கட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தால் உள்ளே சூடேறிப் புளித்துவிடும். மிகுதியாகக் கிடைத்தால் அன்றே நறுக்கி, காற்றுப் புகாத பையில் மிதித்து இறுக்கி, 45 நாள் மூடி வைத்து ஊறுகாய்த் தீவனமாக்கலாம். அதிலேயே சர்க்கரை இருப்பதால் புளிப்பேறுவது சுலபம். யூரியா சேர்த்துப் புரதத்தைக் கூட்டும் முறையும் உண்டு. ஆனால் சரிவரக் கரையாத ஒரு கட்டி யூரியா மாட்டைச் சாகடிக்கப் போதும். கொடி கையில் இருக்கும் வீட்டில் அந்த ஆபத்தை விலைக்கு வாங்குவானேன். காய்ந்த சோகை வேறு. தோகைக்கு மாற்றாக அதைக் கணக்கில் வைக்க முடியாது. வயலிலேயே மூடாக்காகக் கிடக்கட்டும்.

கொடி போதாவிட்டால் நாலு கிலோ கொடிக்கு ஈடாக ஏழு கிலோ பச்சை அகத்தித் தழை, அல்லது ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த கடலைப் பிண்ணாக்கு புரதக் கணக்கைச் சரிக்கட்டும். வெளியிலிருந்து வாங்க வழியில்லாதவர்கள் இருக்கும் கொடியைப் பங்கிட வேண்டியதுதான். கறவையில் இருப்பதற்கு முதலில், அடுத்துச் சினை முற்றியதற்கு, பிறகு வளரும் கிடேரிக்கும் ஆட்டுக்குட்டிக்கும். பால் வற்றிச் சினை இளசாக இருக்கும் பசுவும் வேலையில்லாத காளையும் தோகை, ஒரு கை பிண்ணாக்கு, தாது உப்பு ஆகியவற்றோடு அந்த மாதங்களைக் கடந்துவிடும்.